பழுதாகும் ஹார்ட் டிஸ்க்: எச்சரிக்கையை அறிவதும் முதலில் தரவை வெளியே எடுப்பதும்

கேள்வி: என் மேசைக் கணினியில் இருப்பது ஒரே 1 டிபி ஹார்ட் டிஸ்க்தான், விண்டோஸும் பத்து வருடக் குடும்பப் புகைப்படங்களும் அதிலேயே இருக்கின்றன, வேறு நகல் இல்லை. சில கோப்புறைகளைத் திறந்தால் கணினி ஒரு நிமிடம் அப்படியே நின்றுவிடுகிறது. டிஸ்க்கின் நலத்தைக் காட்டும் CrystalDiskInfo மென்பொருள் மஞ்சள் நிறத்தில் Caution என்று காட்டுகிறது. C5 என்ற வரிசையில் 000000000068 என்று இருக்கிறது. chkdsk /r ஓட்டினால் சரியாகிவிடும் என்கிறார் நண்பர். ஓட்டலாமா? முதலில் என்ன செய்ய வேண்டும்?

பதில்:

ஓட்ட வேண்டாம். அந்தக் கணினியை இப்போதே முறையாக அணைத்துவிட்டு, இதைக் கைபேசியிலோ வேறு கணினியிலோ தொடர்ந்து படியுங்கள். விண்டோஸும் அதே டிஸ்க்கில் இருப்பதால், நீங்கள் எதையும் தொடாமல் உட்கார்ந்திருந்தாலும் அது பின்னணியில் படித்துக்கொண்டும் எழுதிக்கொண்டும்தான் இருக்கும். பழுதாகும் டிஸ்க்குக்கு இன்னும் எத்தனை மணி நேர ஆயுள் இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. மிச்சமிருக்கும் நேரம் முழுவதும் நகலெடுப்பதற்கு மட்டுமே செலவாக வேண்டும்.

நீங்கள் பார்த்த எண்ணிலிருந்து தொடங்குகிறேன். CrystalDiskInfo அந்த மதிப்புகளைப் பதினாறடிமான எண்களாகக் காட்டுகிறது. ஆகவே 68 என்பது அறுபத்தெட்டு அன்று. 6 × 16 + 8, அதாவது 104. C5 என்ற வரிசை, படிக்க முயன்று படிக்க முடியாமல் போய், இன்னும் முடிவெடுக்கப்படாமல் நிற்கும் செக்டர்களின், அதாவது தரவு எழுதப்படும் சிறு துண்டுகளின், எண்ணிக்கை. ஒரு செக்டரைப் படிக்க இயலாதபோது டிஸ்க் உடனே அதைக் கைவிட்டுவிடுவதில்லை, ஏனென்றால் உள்ளே இருந்த தரவு என்னவென்று அதற்குத் தெரியாது. தெரியாததை வேறிடத்துக்கு மாற்றவும் முடியாது. எனவே அதைச் சந்தேகப் பட்டியலில் வைத்துக் காத்திருக்கிறது. பிறகு ஒருமுறை படிப்பு வெற்றி பெற்றாலோ, அந்த இடத்தில் புதிதாக ஏதேனும் எழுதப்பட்டாலோதான் முடிவெடுக்கிறது: இடம் நன்றாக இருந்தால் பட்டியலிலிருந்து எடுத்துவிடுகிறது, இல்லையென்றால் கையிருப்பில் உள்ள மாற்று செக்டர் ஒன்றை அதற்குப் பதிலாக ஒதுக்கி, 05 என்ற வரிசையின் எண்ணிக்கையைக் கூட்டுகிறது. எனவே 05-இல் உள்ள எண் முடிந்துபோன பழுது. C5-இல் உள்ள எண் இன்றைக்கு உங்கள் தரவு சிக்கிக்கொண்டிருக்கும் பழுது. இரண்டில் C5 தான் அவசரமானது.

இதிலிருந்தே chkdsk /r ஏன் கூடாது என்பது விளங்கும். அந்த ஆணை டிஸ்க்கின் ஒவ்வொரு பகுதியையும் படித்துப் பார்க்கிறது. படிக்க இயலாத இடங்களில் மீண்டும் மீண்டும் முயல வைக்கிறது. கண்டுபிடித்த முரண்பாடுகளை அதே டிஸ்க்கில் எழுதித் திருத்துகிறது. கோப்பு அட்டவணையில் ஒரு பதிவைப் படிக்க முடியவில்லையென்றால், அட்டவணை ஒழுங்காக இருக்க வேண்டும் என்பதற்காக அந்தப் பதிவையே அது நீக்கிவிடக்கூடும். அனாதையாகிப்போன துண்டுகளை found.000 என்ற கோப்புறையில் பெயரில்லாமல் கொண்டுபோய்ப் போடும். அட்டவணை ஒழுங்காகிவிடும், உங்கள் கோப்புறைகளில் சில காணாமல் போயிருக்கும். மின்சாரம் திடீரென்று போனதால் நல்ல டிஸ்க்கில் ஏற்படும் தர்க்கப் பிழைகளைத் திருத்த அது நல்ல கருவி. தகட்டின் பரப்பு கெட்டுக்கொண்டிருக்கும் டிஸ்க்கில், தரவை வெளியே எடுப்பதற்கு முன்பு அதை ஓட்டுவது ஆபத்து.

ஒரு நிமிடம் நின்றுபோகிறது என்று நீங்கள் எழுதியிருப்பதுதான் நடைமுறையில் மிகத் தெளிவான அறிகுறி என்பது என் கருத்து. செக்டர் ஒன்று சரியாகப் படியாதபோது, டிஸ்க் தன்னுள்ளேயே அதைப் பலமுறை படித்துப் பார்க்கிறது, தகட்டின் மேல் நகர்ந்து படிக்கும் ஹெட்டைச் சற்றே நகர்த்திப் பார்க்கிறது. வீட்டு உபயோக டிஸ்க்குகள் ஒரே செக்டருக்காகப் பல விநாடிகள்கூட இப்படிப் போராடும். அதுவரை கணினி பதிலுக்காகக் காத்திருக்கிறது. பிழை வந்ததும் விண்டோஸ் தன் பங்குக்கு மறுபடி கேட்கிறது. அடுத்தடுத்த செக்டர்கள் சிலவும் அப்படியே இருந்தால் நீங்கள் காண்பது ஒரு நிமிட மௌனம். எப்போதும் ஒரே கோப்புறையில், ஒரே கோப்பில் இது நிகழ்ந்தால் பழுது டிஸ்க்கின் பரப்பில் இருக்கிறது என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம்; வைரஸாலோ நினைவகப் பற்றாக்குறையாலோ வரும் மந்தம் இப்படி இடம் பார்த்து வராது. விண்டோஸின் ஈவன்ட் வியூவரில், சிஸ்டம் பகுதியில், டிஸ்க் என்ற மூலத்திலிருந்து 7 என்ற எண்ணுள்ள பதிவு இருந்தால் அது கெட்ட பகுதியைக் கண்டதற்கான பதிவு. 153 என்பது ஒரு படிப்போ எழுத்தோ மறுபடி முயலப்பட்டதற்கான பதிவு. நகலெடுக்கும்போது cyclic redundancy check என்ற சொற்களோடு வரும் பிழைச் செய்தியும் பெரும்பாலும் இதே கதைதான்.

ஆனால் மந்தமெல்லாம் சாவின் அறிகுறி அன்று என்பதையும் சொல்ல வேண்டும். இன்றைய டிஸ்க்குகள் பலவற்றில் தடங்கள் கூரை ஓடுகளைப் போல ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும்படி எழுதப்படுகின்றன. அவற்றில் பெரிய அளவில் எழுதும்போது வேகம் சட்டென்று விழுந்துவிடுவது இயல்பு. எழுதும்போது மட்டும் மந்தமாகி, படிக்கும்போது நன்றாக ஓடினால் பயப்பட வேண்டியதில்லை. அதுபோல C7 என்ற வரிசையின் எண் ஏறிக்கொண்டே போனால் பழுது பெரும்பாலும் கேபிளிலோ இணைப்பிலோதான் இருக்கும். கேபிளை மாற்றிய பிறகு அந்த எண் மேலும் ஏறாமல் நின்றுவிட்டால் டிஸ்க் தப்பியது. அந்த எண் பழைய மதிப்புக்கு இறங்காது. ஏறாமல் நிற்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ஒலி வேறு வகை. சீரான இடைவெளியில் டக், டக் என்று தட்டும் ஓசை, ஹெட் தன் இடத்தைக் கண்டுகொள்ள முடியாமல் மீண்டும் மீண்டும் தொடக்கத்துக்குத் திரும்புவதால் வருவது. மடிக்கணினி அளவுள்ள டிஸ்க்கிலிருந்து மெல்லிய பீப் ஒலி வந்தால் மோட்டார் சுழல முயன்று முடியாமல் திணறுகிறது என்று பொருள். ஹெட் தகட்டின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கலாம். வெளிப்புற டிஸ்க்காக இருந்தால் ஒரே ஒருமுறை, குட்டையான வேறு கேபிளில், கணினியின் பின்புற யுஎஸ்பி துளையில் செருகிப் பாருங்கள். மின்சாரம் போதாததாலும் இதே ஓசை வருவதுண்டு. அப்போதும் அதே ஓசை என்றால் மின்சாரத்தைத் துண்டித்துவிடுங்கள். இந்த நிலையில் நான் கீழே எழுதும் எந்த மென்பொருள் வழியும் உதவாது. கெட்ட ஹெட் தகட்டைச் சுரண்டத் தொடங்கினால், தரவு இருந்த காந்தப் பூச்சே போய்விடும். அதன் பிறகு எந்த ஆய்வகத்தாலும் அதை மீட்க முடியாது. உங்கள் கேள்வியில் ஓசை பற்றி எதுவும் இல்லை என்பதால், அது இல்லை என்று எடுத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன்.

C5 எண்ணுக்கு எவ்வளவு மதிப்புக் கொடுக்கலாம் என்பதற்குப் பொதுவெளியில் நல்ல சான்று இருக்கிறது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தங்கள் டிஸ்க்குகளை ஆராய்ந்து கூகுள் பொறியாளர்கள் 2007-இல் வெளியிட்ட கட்டுரையில், இவ்வகைச் சந்தேக செக்டர் முதன்முதலாகத் தோன்றிய டிஸ்க்குகள், அது இல்லாதவற்றைவிட 60 நாட்களுக்குள் பழுதாகும் வாய்ப்பு 16 மடங்கு அதிகம் என்று கண்டார்கள். அதே கட்டுரையின் இன்னொரு முடிவையும் சேர்த்தே நினைவில் கொள்ள வேண்டும்: பழுதான டிஸ்க்குகளில் 56 சதவீதத்துக்கும் மேல், முக்கியமான நான்கு எச்சரிக்கை எண்களில் எதையுமே காட்டாமல் பழுதாகின. ஆகவே இந்த எண் ஏறியிருந்தால் நம்புங்கள். ஏறாமல் நீல நிறத்தில் Good என்று இருப்பதை நம்பிப் பேக்கப்பைத் தள்ளிப்போடாதீர்கள்.

இனி நகலெடுப்பது. இங்கே முதலில் ஒரு தீர்மானம் எடுக்க வேண்டியிருக்கிறது: தேவையான கோப்புகளை மட்டும் எடுப்பதா, டிஸ்க் முழுவதையும் செக்டர் செக்டராக ஒரே இமேஜ் கோப்பாக எடுப்பதா. உங்களுக்கு வேண்டியது ஒரே கோப்புறையில் பத்திருபது ஜிபி அளவில் இருந்து, டிஸ்க்கும் மற்றபடி நன்றாகப் பதில் சொன்னால், அதை மட்டும் முதலில் எடுத்துவிடுவது நியாயம். அதற்கு மவுஸால் இழுத்துப் போடுவது ஏற்றதன்று, ஏனென்றால் ஒரு கோப்பில் சிக்கினால் மொத்த நகலும் அங்கேயே நின்றுவிடும். விண்டோஸிலேயே உள்ள robocopy சிறந்தது. ஆனால் அதன் இயல்பான அமைப்பில் ஒரு கோப்பு படியாவிட்டால் 30 விநாடி இடைவெளியில் பத்து லட்சம் முறை முயலும். பழுதான டிஸ்க்கில் இது கொடுமை. எனவே மறுமுயற்சியைச் சுழியமாக்கிவிட வேண்டும்:

```
robocopy D:\Photos E:\Photos /E /R:0 /W:0 /LOG:E:\copy.txt
```

படியாத கோப்பை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகும். விட்டுப்போனவை எவை என்று பதிவுக் கோப்பில் தெரியும்.

உங்கள் நிலை அதுவன்று. படங்கள் பத்து வருடத்தில் பல கோப்புறைகளில் பரவியிருக்கின்றன, விண்டோஸும் அதே டிஸ்க்கிலிருந்து ஓடுகிறது, ஏற்கனவே நூற்றுக்கும் மேற்பட்ட செக்டர்கள் படியவில்லை. கோப்பு கோப்பாக எடுக்கும்போது ஹெட் அட்டவணைக்கும் தரவுக்கும் ஆயிரக்கணக்கான முறை அங்குமிங்கும் ஓட வேண்டும். முழு இமேஜ் எடுக்கும்போது தொடக்கத்திலிருந்து முடிவு வரை பெரும்பாலும் நேராக நகர்ந்தால் போதும். ஆகவே முழு இமேஜ் என்பதே என் பரிந்துரை. அதற்கான கருவி லினக்ஸில் ஓடும் ddrescue. அது நல்ல பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, பிழை கண்ட இடத்தைத் தாண்டிக் குதித்துவிட்டு, கடினமான இடங்களுக்குக் கடைசியில்தான் திரும்பி வரும். எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்பதை ஒரு மேப் கோப்பில் எழுதிக்கொண்டே போவதால், நடுவில் மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

தேவையானவை இரண்டு: ஒரு புதிய 2 டிபி வெளிப்புற டிஸ்க், ஒரு பென் டிரைவ். புதிய டிஸ்க் 1 டிபி ஆக இருந்தால் போதாது, ஏனென்றால் இமேஜ் கோப்பு பழைய டிஸ்க்கின் முழு அளவில் இருக்கும். புதிய டிஸ்க்கிலோ கோப்பு முறைக்கே சிறிது இடம் போய்விடும். வேறொரு கணினியில் புதிய டிஸ்க்கை என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மேட் செய்து கொள்ளுங்கள். எஃப்ஏடி32 முறையில் 4 ஜிபிக்கு மேல் ஒரு கோப்பு அடங்காது. அந்தக் கணினியிலேயே SystemRescue என்ற இலவச லினக்ஸை இறக்கிப் பென் டிரைவில் பூட் செய்யும் வகையில் எழுதிக்கொள்ளுங்கள். Ddrescue அதில் ஏற்கனவே இருக்கிறது, டிஸ்க்குகளைத் தானாக மவுன்ட் செய்து, அதாவது கோப்புகளைத் திறக்கும்படி இணைத்து, தொந்தரவும் தராது. உங்கள் விண்டோஸில் பிட்லாக்கர் பூட்டு இயங்கிக்கொண்டிருந்தால் 48 இலக்க மீட்புச் சாவியை மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து இப்போதே எடுத்து வையுங்கள். எடுக்கும் இமேஜும் பூட்டிய நிலையிலேயே இருக்கும்.

பென் டிரைவிலிருந்து பூட் செய்ததும் முதல் வேலை, எந்த டிஸ்க் எது என்று உறுதி செய்வது:

```
lsblk -o NAME,SIZE,MODEL,SERIAL
```

அளவையும் மாடலையும் சீரியல் எண்ணையும் டிஸ்க்கின் மேல் ஒட்டியுள்ள லேபிளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பழையது /dev/sda, புதியது /dev/sdb என்று வைத்துக்கொள்வோம். உங்கள் கணினியில் இது மாறியிருக்கலாம், எனவே பார்க்காமல் என் எழுத்தை அப்படியே தட்டச்சு செய்யாதீர்கள். புதிய டிஸ்க்கை மட்டும் மவுன்ட் செய்யுங்கள். பழையதை மவுன்ட் செய்யவே கூடாது.

```
mkdir -p /mnt/new
mount /dev/sdb1 /mnt/new
ddrescue -d -n /dev/sda /mnt/new/disk.img /mnt/new/disk.map
```

வரிசையைக் கவனியுங்கள்: முதலில் மூலம், அடுத்து இமேஜ், கடைசியில் மேப். மேப் கோப்பும் புதிய டிஸ்க்கில்தான் இருக்க வேண்டும். பென் டிரைவிலிருந்து ஓடும் லினக்ஸில் மற்ற இடங்களில் வைப்பது நினைவகத்தில்தான் இருக்கும், கணினி அணைந்தால் அழிந்துவிடும். மேப் இல்லாமல் தொடர்ந்தால் கருவிக்கு எது முடிந்தது என்று தெரியாது. மறுபடி முதலிலிருந்து தொடங்கும், டிஸ்க்கின் ஆயுளில் சில மணி நேரம் வீணாகும். இணையத்தில் காணும் எடுத்துக்காட்டுகளில் -f என்ற குறி இருக்கும். அது ஒரு டிஸ்க்கின் மேலேயே நேரடியாக எழுத அனுமதிப்பது. இமேஜ் கோப்பு எடுக்கும்போது அது தேவையில்லை. அது இல்லாதவரை, தவறுதலாக டிஸ்க்கின் பெயரை இலக்காகக் கொடுத்துவிட்டாலும் கருவி மறுத்துவிடும்.

எவ்வளவு நேரம் ஆகும்? விநாடிக்கு 100 எம்பி வேகத்தில் படித்தால் 1 டிபிக்குப் பத்தாயிரம் விநாடிகள், அதாவது மூன்று மணி நேரத்துக்குச் சற்றே குறைவு. வெளிப்புற டிஸ்க்கைப் பழைய யுஎஸ்பி 2 துளையில் செருகியிருந்தால் இதுவே எட்டு மணி நேரத்தை நெருங்கிவிடும். நீல நிறத் துளை இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். கணினிக்கு யுபிஎஸ் இருப்பது நல்லது. பெட்டியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றிவிட்டு, மேசை விசிறியின் காற்று டிஸ்க்கின் மேல் படும்படி வையுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது கணினியை அசைக்காதீர்கள்.

திரையில் பார்க்க வேண்டியவை மூன்றே வரிகள். pct rescued என்பது எடுத்த சதவீதம், read errors என்பது பிழைகளின் எண்ணிக்கை, time since last successful read என்பது கடைசியாக வெற்றிகரமாகப் படித்து எவ்வளவு நேரமாயிற்று என்பது. உங்களுடையதைப் போன்ற டிஸ்க்கில் சதவீதம் மளமளவென்று ஏறி, சில இடங்களில் மட்டும் வேகம் கிலோபைட்டுக்கு விழுந்து, மறுபடி எழும். அது எதிர்பார்க்க வேண்டியதுதான். முதல் சுற்றில் 99.98 சதவீதம் வந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் 0.02 சதவீதம் என்றாலும் 1 டிபியில் அது 200 எம்பி. உண்மையில் கெட்டது அவ்வளவு இருக்காது: பிழை கண்ட இடத்தில் கருவி பெரிய துண்டாகத் தாண்டிவிட்டதால்தான் அவ்வளவு. அடுத்துத் திரையில் Trimming என்று வரும் கட்டத்தில் அந்தத் துண்டுகளின் இரு ஓரங்களிலிருந்தும் பிழை கிடைக்கும்வரை படித்துச் சுருக்கும். இது முடிந்ததும் கருவி நின்றுவிடும், ஏனென்றால் -n என்ற குறி, எஞ்சியதைச் செக்டர் செக்டராகச் சுரண்டும் கடினமான கட்டத்தைத் தவிர்க்கச் சொல்கிறது. இந்த இடத்தில் நிறுத்துவது வேண்டுமென்றே செய்வது. எளிதாகக் கிடைப்பது அனைத்தும் கைக்கு வந்துவிட்டது. இனி டிஸ்க் போனாலும் இழப்பு சிறிது. டிஸ்க் ஆறட்டும். பிறகு அதே மேப்பைக் கொடுத்து இரண்டாவது ஓட்டம்:

```
ddrescue -d -r3 /dev/sda /mnt/new/disk.img /mnt/new/disk.map
```

இது எஞ்சிய இடங்களை மட்டும் சுரண்டிப் பார்த்துவிட்டு, கெட்டவற்றை மேலும் மூன்று முறை முயலும். இங்கே நேரம் தரவின் அளவுக்கேற்ப ஆகாது, பிழைகளின் எண்ணிக்கைக்கேற்ப ஆகும். சில எம்பிக்காக ஓர் இரவு ஓடக்கூடும். முடிவில் நீங்கள் சொன்ன 104 செக்டர்கள் மட்டுமே எஞ்சினால், ஒரு செக்டருக்கு 512 பைட் என்று கொண்டு இழப்பு 53,248 பைட், ஒரு சிறு புகைப்படத்தின் அளவுகூட இல்லை. டிஸ்க் தானே இதுவரை தொடாத இடங்களிலும் பழுது இருக்கலாம் என்பதால் எண்ணிக்கை கூடினால் திடுக்கிட வேண்டாம்.

எப்போது நிறுத்த வேண்டும் என்பதில் உறுதியாக இருங்கள். இதுவரை இல்லாத தட்டும் ஓசை தொடங்கினால், Ctrl+C அழுத்தி நிறுத்திக் கணினியை அணையுங்கள். டிஸ்க் lsblk பட்டியலிலிருந்தே மறைந்துவிட்டால், ஒருமுறை மின்சாரத்தை முழுவதும் துண்டித்து, சிறிது நேரம் கழித்துத் தொடரலாம். மறுபடியும் மறைந்தால் நிறுத்திவிடுங்கள். டிஸ்க் முழுவதும் ஒழுங்கான இடைவெளியில் நல்ல பகுதியும் கெட்ட பகுதியும் மாறி மாறி வந்தால், பல ஹெட்களில் ஒன்று செத்துவிட்டது என்று கொள்ளலாம். அதைச் சுரண்டும் கட்டத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். இந்த நிலைகளில் வழி, தூசியற்ற அறையில் டிஸ்க்கைத் திறந்து, அதே மாடல் டிஸ்க்கிலிருந்து எடுத்த ஹெட்டைப் பொருத்தும் மீட்பு ஆய்வகம்தான். செலவு அதிகம், பத்து வருடப் படங்களுக்கு அது தகுமா என்பதை நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். ஆனால் அங்கே கொடுப்பதற்கு முன் யாரும் அதை வீட்டில் திறக்கவோ, ஃப்ரீசரில் வைக்கவோ, வேறு டிஸ்க்கின் சர்க்யூட் போர்டை மாற்றிப் பொருத்தவோ விடாதீர்கள். ஃப்ரீசரிலிருந்து எடுத்த டிஸ்க்குள் ஈரம் படியும். இன்றைய டிஸ்க்குகளில் அந்தந்த டிஸ்க்குக்கே உரிய அளவீடுகள் போர்டில் உள்ள ஒரு சில்லில் பதிந்திருப்பதால், மாற்றிய போர்டு பொதுவாக வேலை செய்யாது.

இமேஜ் கிடைத்த பிறகு பழைய டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிடலாம். அதற்கு முன்னால், அல்லது பின்னால் அதே SystemRescue-இலேயே, எந்தப் படங்கள் அடிபட்டன என்று கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி இருக்கிறது; இது பலருக்குத் தெரிவதில்லை. படிக்க முடியாமல் போன இடங்கள் இமேஜில் வெறுமையாக இருக்கும்; அந்த இடங்களில் மட்டும் அடையாளச் சொல் ஒன்றை நிரப்பிவிட்டு, எந்தக் கோப்புகளுக்குள் அந்தச் சொல் இருக்கிறது என்று தேடலாம்.

```
cd /mnt/new
printf "BAD-SECTOR " > mark.txt
ddrescue --fill-mode='?*/-' mark.txt disk.img disk.map
losetup -r -P -f --show disk.img
```

கடைசி ஆணை, இமேஜைப் படிக்க மட்டும் இயலும் டிஸ்க்காக இணைத்து, /dev/loop1 போன்ற ஒரு பெயரைக் காட்டும். lsblk மூலம் அதன் பெரிய பகுதி எதுவென்று பார்த்து, அது மூன்றாவது பகுதியாக இருந்தால் இப்படித் தொடருங்கள்:

```
mkdir -p /mnt/old
mount -o ro /dev/loop1p3 /mnt/old
grep -rlF "BAD-SECTOR" /mnt/old > /mnt/new/damaged.txt
```

damaged.txt என்ற பட்டியலில் வரும் கோப்புகள்தான் அடிபட்டவை. விண்டோஸின் சொந்தக் கோப்புகள் அதில் இருந்தால் கவலை வேண்டாம், புதிதாக நிறுவிக்கொள்ளலாம். ஜேபெக் படம் ஒன்றின் நடுவில் ஒரு செக்டர் போனால் அதுவரை படம் சரியாக இருந்து, அங்கிருந்து கீழே நிறம் மாறியோ சாம்பல் பட்டையாகவோ தெரியும். வீடியோவில் பெரும்பாலும் சில நொடிகள் கலங்கும். வேர்டு, எக்செல் கோப்புகள் சுருக்கி அடைக்கப்பட்டவை என்பதால் சிறு இழப்பிலும் திறக்க மறுக்கலாம். இந்தத் தேடலுக்கு ஓர் எல்லை உண்டு: பழுது கோப்பு அட்டவணையிலேயே விழுந்திருந்தால் அந்தக் கோப்புகள் பட்டியலில் வராது, கோப்புறையிலிருந்தே மறைந்திருக்கும். அட்டவணையில் ஒரு கோப்புக்கான பதிவு 1024 பைட். 4096 பைட் செக்டர் ஒன்று போனால் நான்கு கோப்புகளின் பெயரும் முகவரியும் ஒன்றாகப் போகின்றன. தரவு அப்படியே இருக்கும், வழிதான் தெரியாது. அத்தகைய படங்களை PhotoRec போன்ற கருவியை இமேஜின் மேல் ஓட்டி, பெயரில்லாமல் மீட்கலாம்.

இப்போது /mnt/old-இலிருந்து படங்களைப் புதிய டிஸ்க்கில் வேறொரு கோப்புறைக்கு எடுங்கள், அங்கிருந்து இன்னொரு இடத்துக்கும் ஒரு நகல் எடுங்கள். chkdsk-ஐ ஓட்டியே தீர வேண்டும் என்றால் இமேஜின் ஒரு நகலின் மேல் ஓட்டலாம். அங்கே அது எதை நீக்கினாலும் மூலம் உங்கள் கையில் இருக்கும்.

பழைய டிஸ்க்கை முழுவதும் ஃபார்மேட் செய்து பார்த்தால் C5 சுழியமாகிவிடும். கடைக்காரர் அதைக் காட்டி டிஸ்க் சரியாகிவிட்டது என்று சொல்லக்கூடும். அந்த 104 இடங்களிலும் புதிதாக எழுதப்பட்டதால் பட்டியல் காலியானதே தவிர, பரப்பைக் கெடுத்த காரணம் அங்கேயே இருக்கிறது. அதை முக்கியமான எதற்கும் இனிப் பயன்படுத்தாதீர்கள். படங்கள் எல்லாவற்றையும் ஒருமுறை திறந்து பார்த்து முடிக்கும்வரை ஃபார்மேட்டும் செய்ய வேண்டாம், உத்தரவாதத்துக்கும் அனுப்ப வேண்டாம், ஏனென்றால் உத்தரவாதத்தில் அனுப்பிய டிஸ்க்குக்குப் பதிலாகப் பெரும்பாலும் வேறு டிஸ்க்தான் வரும். இரண்டாவது ஓட்டத்துக்குப் பிறகு disk.map கோப்பின் நிலையையும் damaged.txt பட்டியலில் எத்தனை படங்கள் வந்தன என்பதையும் எழுதுங்கள். மேலும் சில முறை முயல்வதா, அத்துடன் விட்டுவிடுவதா என்பதை அவற்றைப் பார்த்துச் சொல்கிறேன்.